சுவரைத் துடைக்கலாம், சொரசொரப்பைத் துடைக்கக்கூடாது

கட்டடப் படங்களைத் திருத்தும் வேலையில் அடிக்கடி காதில் விழும் குறை இதுதான்: விரிசல் போய்விட்டது, ஓதக் கறை போய்விட்டது, உரிந்த பெயிண்ட்டும் போய்விட்டது, கூடவே சுவரும் போய்விட்டது. காரை பூசிய சுவர் இருந்த இடத்தில் மைக்கா ஒட்டிய பலகை மாதிரி வழவழவென்று ஏதோ நிற்கிறது. பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று எடுத்துச் சொல்லத் தெரியாது. ஆனாலும் அது ஒட்டுவேலை என்று கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. படத்திலுள்ள பழுதை நீக்க கால் நூற்றாண்டாகப் புதுப்புது முறைகள் வந்துகொண்டேயிருக்கின்றன. அப்படியும் சுவர்ப் படங்கள் கெடுவதற்குக் காரணம், மூன்று வெவ்வேறு பழுதுகளை ஒரே பழுதாக எண்ணி ஒரே பிரஷ்ஷால் தேய்ப்பதுதான். ஓதம் பூச்சின் நிறத்தை மட்டும் மாற்றுகிறது, சொரசொரப்பு அதன் அடியில் அப்படியே இருக்கிறது. விரிசல் சொரசொரப்பை ஒரு கோட்டளவுக்கு அறுக்கிறது. பெயிண்ட் உரிந்த இடத்தில் பழைய பரப்பே இல்லை, வேறொரு பரப்பு வெளியே வந்திருக்கிறது. எனவே எந்தக் கருவி என்பது இரண்டாவது கேள்வி. இந்த இடத்தில் பழைய சொரசொரப்பு இன்னும் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. புழக்கத்திலுள்ள முறைகளை இந்தக் கேள்வியின் முன் நிறுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

எடுத்துக்கொள்ளும் படம்

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். புதுச்சேரியின் பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில், கிழக்குப் பார்த்த மஞ்சள் சுவர் ஒன்று. நேரம் காலை 11 மணி. வெயில் சுவரின் முகத்தில் நேராக அடிக்காமல் மேலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. படத்தின் அளவு 6000 × 4000 பிக்ஸல், சட்டகத்துக்குள் வரும் சுவரின் அகலம் 3 மீட்டர். அப்படியானால் சுவரின் ஒரு மில்லிமீட்டர் படத்தில் 2 பிக்ஸல். இனி வரும் அளவுகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் நிற்கின்றன, ஆகவே வேறு படத்துக்கு முதலில் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

பழுதுகள் மூன்று. தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை ஓதம் ஏறி, மேல் விளிம்பில் உப்புப் பூத்திருக்கிறது. ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து 2 மில்லிமீட்டர் அகல விரிசல் ஒன்று சாய்வாக இறங்குகிறது. நெஞ்சு உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்து, அடியிலிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது.

படத்தில் சொரசொரப்பு என்பது நிழல்

பூச்சை விரலால் தடவினால் மேடுபள்ளம் தெரிகிறது. படத்தில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஒவ்வொரு மேட்டின் வெயில் பக்கத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி, மறுபக்கத்தில் ஒரு நிழல் புள்ளி, அவ்வளவுதான். நம் படத்தில் வெயில் மேலிருந்து வருவதால் எல்லா நிழலும் கீழ்ப்பக்கம் விழுகிறது. இந்த ஒழுங்கை ஓரிடத்தில் குலைத்தாலும் அங்கே பூச்சு பூச்சாகத் தெரியாது.

இந்த நிழல்கள் மூன்று அளவில் வருகின்றன. முதலாவது மணல் பருக்கை: ஒன்றிரண்டு மில்லிமீட்டர், அதாவது 2 முதல் 4 பிக்ஸல். இரண்டாவது கொத்தனாரின் கை: மட்டப்பலகையைச் சுழற்றித் தேய்த்ததில் விழுந்த வளைந்த தடங்கள். இவை சில சென்டிமீட்டரிலிருந்து ஒரு சாண்வரை போகும், படத்தில் 50 முதல் 400 பிக்ஸல். மூன்றாவது சுவரின் பொது ஏற்ற இறக்கம், மீட்டர் கணக்கில் வருவது. சொரசொரப்பைக் காக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதல் அளவை மட்டும் காக்கிறார்கள். பருக்கை இருக்கும், ஆனால் கொத்தனாரின் கைத்தடம் ஓரிடத்தில் சட்டென்று அறுந்துபோயிருக்கும். பருக்கை இருந்தும் ஏன் பொய்யாகத் தெரிகிறது என்று குழம்பும் இடம் அது.

முறைகள் வந்த வழி

பழுதுள்ள இடத்தை நிரப்பும் முறைகளை நான்கு குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

முதல் குடும்பம் ஓரத்திலிருக்கும் நிறத்தை உள்ளே பரவவிடுவது. 2000-ஆம் ஆண்டு பெர்த்தால்மியோ, சப்பீரோ, கசெயஸ், பயெஸ்தர் ஆகிய நால்வர் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. அருங்காட்சியகங்களில் ஓவியச் சேதத்தைச் சீர்செய்வோரின் வழியைப் பின்பற்றி, ஓரத்துக் கோடுகளை உள்ளே நீட்டி நிரப்பினார்கள். பழைய புகைப்படத்தின் கீறலுக்கு இது நல்ல வைத்தியம். ஆனால் பரவவிடும்போது பரவுவது நிறமும் கோடும்தான், பருக்கை பரவாது. உள்ளங்கை அளவு இடத்தை இதனால் நிரப்பினால் பனி மூடிய மாதிரி ஒரு மங்கல் மிஞ்சும். ஆகவே சுவருக்கு இது மிக மெல்லிய கீறலைத் தாண்டிப் பயன்படாது.

இரண்டாவது குடும்பம், அதே படத்தின் நல்ல பகுதியிலிருந்து துண்டெடுத்துப் பொருத்துவது. 1999-இல் எஃப்ரோஸும் லியூங்கும் ஒரு பரப்பின் மாதிரியிலிருந்து அதே சாயலில் புதிய பரப்பை ஒவ்வொரு பிக்ஸலாக வளர்த்துக் காட்டினார்கள். 2009-இல் வந்த பேட்ச்மேட்ச் முறை பொருத்தமான துண்டைத் தேடும் வேலையை மிக வேகமாக்கியது. அடுத்த ஆண்டு ஃபோட்டோஷாப் சிஎஸ்5-இல் வந்த கன்டென்ட் அவேர் ஃபில் அதன் வழியில் வந்ததே. கிம்ப் பயன்படுத்துவோருக்கு ரீசிந்தசைஸர் என்ற செருகுநிரல் இதே வேலையைச் செய்கிறது. இக்குடும்பம் பருக்கையைக் காக்கும். சுவர் பெரிதாகவும் நல்ல பகுதி சிறிதாகவும் இருந்தால், ஒரே புள்ளிக்கூட்டம் மறுபடி மறுபடி தலைகாட்டும்.

மூன்றாவது, ஓரிடத்தின் சொரசொரப்பையும் இன்னோரிடத்தின் நிறத்தையும் இணைப்பது. 2002-இல் ஃபோட்டோஷாப் 7-உடன் வந்த ஹீலிங் பிரஷ் இவ்வகை. அடுத்த ஆண்டு பெரேஸ், கான்கனே, பிளேக் ஆகியோர் வெளியிட்ட ‘பொய்சான்’ படத் திருத்த முறை இதன் கணிதத்தைத் தெளிவாக்கியது: துண்டுக்குள் பிக்ஸலுக்குப் பிக்ஸல் உள்ள ஏற்ற இறக்கத்தை மூலத்திலிருந்து எடுத்துக்கொண்டு, துண்டின் விளிம்பில் மட்டும் ஒட்டும் இடத்தின் நிறத்தோடு பொருந்தச் செய்வது. இதன் பலமும் பலவீனமும் விளிம்பில்தான் இருக்கின்றன. விளிம்பு முழுக்க நல்ல சுவரில் இருந்தால் ஒட்டு தெரியாது. ஒரு முனை ஜன்னல் சட்டத்தின் நிழலைத் தொட்டுவிட்டால் அந்தக் கருமை துண்டு முழுக்கக் கசியும்.

நான்காவது, படத்தை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டு திருத்துவது. மங்கலாக்கிய கீழ் அடுக்கில் நிறமும், மேல் அடுக்கில் நுண்விவரமும் இருக்கும். முகப் படங்களில் தோலைத் திருத்துவோர் பரவலாகக் கையாளும் வழி இது, அங்கிருந்துதான் சுவருக்கும் வந்தது. கிம்ப் 2.10-இல் உள்ள `Wavelet-decompose` இரண்டுக்குப் பதில் ஐந்து அளவுகளாகப் பிரித்துத் தருகிறது.

இந்த நான்கில் எது சிறந்தது என்று கேட்பதில் பொருளில்லை. ஒவ்வொரு பழுதுக்கும் எது என்றுதான் கேட்க வேண்டும்.

ஓதம்: கூட்டாதே, பெருக்கு

சுவரில் பெரும் பரப்பைப் பிடிப்பது ஓதம். படம் அதிகம் கெடுவதும் இங்கேதான்.

பூச்சின் நுண்துளைகளில் தண்ணீர் நிறையும்போது, உள்ளே போன வெளிச்சம் முன்போல் சிதறித் திரும்பி வருவதில்லை. இன்னும் ஆழம் போய்ப் பெரும்பகுதி உள்ளேயே உறிஞ்சப்படுகிறது. அதனால் சுவர் கறுக்கிறது. மேடுபள்ளத்தில் மாற்றம் ஏதுமில்லை. ஈரமான இடத்தில் வெளிச்சப் புள்ளியும் நிழல் புள்ளியும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருண்டிருக்கின்றன. ஆக, ஓதத்தைப் போக்குவது என்றால் அந்த விகிதத்தைத் திருப்பிக் கொடுப்பது. பிரஷ்ஷோ ஒட்டோ இங்கே தேவையில்லை.

ஓர் எளிய கணக்கு. உலர்ந்த இடத்தின் சராசரி 180, பருக்கைகளால் வரும் ஏற்ற இறக்கம் 8 கூடவும் குறையவும் என்று வைப்போம். ஈரமான இடத்தில் சராசரி 120 ஆக இறங்கினால் ஏற்ற இறக்கமும் ஏறத்தாழ 5 ஆகச் சுருங்கியிருக்கும். இப்போது 60-ஐக் கூட்டினால் சராசரி 180-க்கு வந்துவிடும், ஏற்ற இறக்கம் 5-லேயே நின்றுவிடும். நிறம் பொருந்தும், சுவர் தட்டையாகிவிடும். ஒன்றரையால் பெருக்கினால் இரண்டும் திரும்புகின்றன.

அளவுவாரியாகப் பிரிக்கும் முறை ஓதத்தில் ஏமாற்றுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். அங்கே மேல் அடுக்கு கீழ் அடுக்கின்மேல் `Linear Light` முறையில் அமர்கிறது, அது கூட்டல். கீழ் அடுக்கில் ஓதத்தின் நிறத்தை எவ்வளவு அழகாகச் சரிசெய்தாலும், மேல் அடுக்கில் இருப்பது ஈரச் சுவரின் சுருங்கிய ஏற்ற இறக்கம்தான். தோலுக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. வெயில் வழுக்கும் சுவரில் தெரியும்.

பெருக்கல் செய்ய மிக எளிய கருவி `Levels`. நம் மஞ்சள் சுவரில் உலர்ந்த இடத்தின் சராசரி சிவப்பு 214, பச்சை 168, நீலம் 84. ஓதத்தில் அவை 158, 118, 50. மூன்றும் ஒரே விகிதத்தில் இறங்கவில்லை, நீலமே அதிகம் அடிவாங்கியிருக்கிறது. ஈரமான மஞ்சள் பழுப்பாகத் தெரிவதற்குக் காரணம் அதுவே. `Levels` அடுக்கில் ஒவ்வொரு வண்ண வாய்க்காலிலும் வலப்பக்க முக்கோணத்தை நகர்த்தினால் பெருக்கல் நடக்கிறது. எவ்வளவு நகர்த்துவது? ஈர மதிப்பை 255-ஆல் பெருக்கி உலர்ந்த மதிப்பால் வகுத்தால் போதும். சிவப்புக்கு 188, பச்சைக்கு 179, நீலத்துக்கு 152 வருகிறது. நடு முக்கோணத்தைத் தொடவேண்டாம், அது 1.00-லேயே இருக்கட்டும்.

அடுத்தது, இந்த அடுக்கு எங்கே வேலைசெய்ய வேண்டும் என்று சொல்லும் மாஸ்க். ஓதம் கீழே அடர்த்தியாகவும் மேலே மெலிந்தும் இருப்பதால் கையால் வரைந்த மாஸ்க் பொருந்தாது. படமே அதைத் தரும். நீல வாய்க்காலில்தான் ஓதம் நன்றாகப் பிரிந்து தெரிகிறது. அதன் நகலை எடுத்து, கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்கி, உலர்ந்த சுவர் முழுக் கறுப்பாகும்வரை, அடர்ந்த ஓதம் முழு வெள்ளையாகும்வரை முறுக்க வேண்டும். அதன்பின் 30 பிக்ஸல் அளவுக்கு மங்கலாக்க வேண்டும். இந்த மங்கலை விட்டுவிட்டால் வினை. மாஸ்க்கில் பருக்கை இருந்தால் ஒவ்வொரு நிழல் புள்ளியும் அதன் பக்கத்து வெளிச்சப் புள்ளியைவிட அதிகம் ஏற்றப்படும், சொரசொரப்பு தன்னைத்தானே தின்றுவிடும். மங்கலாக்கியபின் ஓதத்தின் மேல் விளிம்பில் மெல்லிய கறைக்கோடு ஒன்று மிஞ்சும். அதை மட்டும் ஹீலிங் பிரஷ்ஷால் எடுக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். உப்புப் பூத்த வெள்ளைப் புள்ளிகள் 188-க்கு மேல் இருந்தால் பெருக்கியதும் வெறும் வெள்ளையாக வெடித்துவிடும். ஆகவே உப்பை முதலில் எடுக்க வேண்டும். குளோன் ஸ்டாம்ப்பை `Darken` முறையில் வைத்து, மூலத்தையும் ஓதத்துக்குள்ளிருந்தே எடுத்தால், மூலத்தைவிட வெளுத்த புள்ளிகள் மட்டும் மாறும், மற்றவை தப்பும். இன்னொன்று, நீலத்தை ஒன்றே முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பெருக்குகிறோம். 8 பிட் ஜேபெக் கோப்பில் இப்படிச் செய்தால் சுருக்கத்தின் கட்டங்கள் சுவரில் எழும்பித் தெரியும். ரா கோப்பிலிருந்து 16 பிட்டாகத் திறந்து வேலைசெய்வதே முறை.

விரிசல்: கோடு ஒன்றல்ல, இரண்டு

விரிசலை நூறு விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்தால் அது வெறும் கறுப்புக் கோடு அல்ல என்பது தெரியும். நடுவே 4 பிக்ஸல் கருமை. அதன் கீழ் உதட்டில், மேலிருந்து வரும் வெயில் பட்டு, இரண்டு மூன்று பிக்ஸலுக்கு ஒரு வெளிச்சக் கோடு. கருமையை மட்டும் மூடுபவர்கள் வெளிச்ச உதட்டை விட்டுவிடுகிறார்கள். விரிசல் போனபின்னும் அதன் ஆவி அங்கேயே அலைகிறது. ஆகவே பிரஷ்ஷின் அகலம் கருமையின் மூன்று மடங்கு: நம் படத்தில் 12 பிக்ஸல். அதைவிட அகலமானால் நல்ல பூச்சு வீணாக அழியும்.

இங்கே ஹீலிங் பிரஷ் சரியான கருவி. இழந்த சொரசொரப்பு குறுகலானது, இருபுறமும் நல்ல சுவர் இருக்கிறது. புதிய வெற்று அடுக்கில், `Sample` என்பதை `Current & Below` என்று வைத்து வேலைசெய்தால் மூலப் படம் கெடாது. மூலத்தை விரிசலிலிருந்து 70 பிக்ஸல் போலத் தள்ளி, அதே உயரத்தில், பக்கவாட்டில் எடுக்க வேண்டும். மேலேயோ கீழேயோ போனால் வெயிலின் அளவு மாறியிருக்கும். ஒரே மூச்சில் விரிசல் முழுக்க இழுத்துவிடுவதும் கூடாது. விரிசலை ஒட்டி ஓடும் அதே பருக்கை வரிசை பக்கத்திலேயே இன்னொரு முறை ஓடும், கண் அதைப் பிடித்துவிடும். ஒரு சாண் நீளத்துக்கு ஒருமுறை மூலத்தை மாற்றி, ஒருமுறை இடப்பக்கமும் மறுமுறை வலப்பக்கமும் எடுத்தால் போதும்.

விரிசல் ஜன்னலைத் தொடும் முனை தனி. முன்பு சொன்ன கசிவு அங்கேதான் நடக்கும். ஜன்னல் சட்டத்தின் ஓரத்தைத் துல்லியமாகத் தொட்டுச் சுவர்ப்பக்கத்தை மட்டும் முதலில் தேர்வுசெய்துகொண்டால் கருமை உள்ளே வராது. அப்படியும் கசிந்தால் கடைசி ஒரு சென்டிமீட்டருக்கு ஹீலிங்கை விட்டுக் குளோன் ஸ்டாம்ப்புக்கு மாறுவதே நல்லது. அது விளிம்பைப் பார்த்து நிறம் கலப்பதில்லை, கொடுத்ததை அப்படியே வைக்கும்.

அகலமான விரிசல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. சுவர் இறங்கியதில் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடச் சற்று முன்னே தள்ளியிருக்கும், அதனால் இருபுறமும் வெளிச்சம் ஒன்றாக இராது. கோட்டை மூடியபின்னும் அந்த இடம் மடித்து விரித்த காகிதம்போல நின்றால் குற்றவாளி அந்த வெளிச்ச வித்தியாசம்தான். இருண்ட பக்கத்துக்கு ஓதத்துக்குச் செய்ததுபோல ஒரு மெல்லிய `Levels` கொடுத்து, அதன் மாஸ்க்கை ஒரு சாண் அகலத்துக்கு மெல்ல மங்கவிட வேண்டும்.

உரிந்த பெயிண்ட்: நிறம் பூசினால் நிற்காது

உள்ளங்கை அகல வெள்ளையைப் பார்த்ததும் அதன்மேல் மஞ்சளை ஏற்றிவிட்டால் முடிந்தது என்று தோன்றும். முடியாது. பல கோட் பெயிண்ட் ஏறிய பூச்சில் பருக்கைகளின் இடுக்கு நிரம்பி, மேடுகள் உருண்டிருக்கும். உரிந்த இடத்தில் அந்த நிரப்பு இல்லை, அடியிலிருப்பது வேறொரு காலத்துச் சுண்ணாம்புப் பரப்பு. மஞ்சள் ஏறினாலும் அது மஞ்சளான வேறு பரப்பாகவே இருக்கும். தவிர, உரிந்த பெயிண்ட்டின் ஓரம் மடங்கி நிற்கிறது. அதற்கு மேல் விளிம்பில் வெளிச்சமும் கீழே நிழலும் உண்டு. ஆக, இங்கே பழைய சொரசொரப்பு போயே போய்விட்டது, புதிதாகக் கொண்டுவர வேண்டும்.

கொண்டுவரும் துண்டு எங்கிருந்து வர வேண்டும் என்பதுதான் இதில் முழு வேலையும். உரிசல் 180 பிக்ஸல் என்றால் துண்டு 260 பிக்ஸலாவது இருக்கட்டும். அது அதே உயரத்திலிருந்து வர வேண்டும், அப்போதுதான் வெயில் ஒத்துப்போகும். கேமராவிலிருந்து அதே தூரத்தில் இருக்க வேண்டும். சாய்வாக எடுத்த படத்தில் தூரத்துச் சுவரின் பருக்கை சிறிதாக இருக்கும், அதைக் கிட்டத்தில் ஒட்டினால் வேறு சுவராகத் தெரியும். படத்தின் நடுவிலிருந்து எடுத்து மூலையில் ஒட்டுவதும் ஆகாது, பெரும்பாலான லென்ஸ்களில் மூலை நடுவைவிடச் சற்று மங்கல். மிகச் சாய்வான படமானால், முதலில் சுவரை நேர்செய்துகொண்டு வேலை முடிப்பது சுலபம். அல்லது ஃபோட்டோஷாப்பின் `Vanishing Point` சாய்வுக்கேற்ப அளவை மாற்றி ஒட்டித் தரும்.

துண்டைத் தலைகீழாகத் திருப்பவே கூடாது. ஒரே துண்டு இருமுறை வருவதை மறைக்கப் பலர் இதைச் செய்கிறார்கள். தலைகீழானதும் நிழல் மேலே போய்விடும், மேடெல்லாம் குழியாகத் தெரியும். நம் படத்தில் வெயில் கொஞ்சம் பக்கவாட்டிலும் சாய்ந்திருக்கிறது என்பதால் இடவலமாகத் திருப்புவதும் ஆபத்துதான்.

துண்டின் ஓரத்தை வட்டமாக வெட்டாமல், கொத்தனாரின் கைத்தடம் போகும் வழியில் வளைத்து வெட்ட வேண்டும். தடம் எங்கே தொடங்குகிறதோ அங்கே ஒட்டும் தொடங்கினால் கண்ணுக்குப் பிடிபடாது. உரிந்து மடங்கிய ஓரமும் அதன் நிழலும் துண்டுக்கு அடியில் முழுக்க மறைய வேண்டும். நிற வித்தியாசம் மிஞ்சினால் துண்டின்மேல் மட்டும் ஒரு `Levels`.

கன்டென்ட் அவேர் ஃபில்லைப் பயன்படுத்துவோரும் இதே விதிகளை அதன்மேல் சுமத்தலாம். எங்கிருந்து துண்டு எடுக்கலாம் என்ற பகுதியை நாமே குறித்துக்கொடுக்க அதில் வழியுண்டு. உரிசலின் உயரத்துக்கு இருபுறமும் ஒரு பட்டையை மட்டும் குறித்து, ஓதத்தையும் ஜன்னலையும் விலக்கிவிட்டால் விளைவு பலமடங்கு மேம்படும்.

வழவழப்பு எங்கிருந்து வருகிறது?

எல்லாம் சரியாகச் செய்தும் சில இடங்கள் வழவழப்பதற்கு ஒரு காரணம் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சொரசொரப்புகளைச் சரிபாதியாகக் கலந்தால், ஏற்ற இறக்கம் முன்பிருந்ததில் 71 விழுக்காடாகக் குறைந்துவிடும். ஒன்றில் மேடு இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் வந்து ஒன்றையொன்று கரைப்பதால் வரும் கணக்கு இது. ஒப்பாசிட்டியை 50 விழுக்காட்டில் வைத்து மெல்ல மெல்லத் தடவுவது பாதுகாப்பு என்று நினைக்கிறோம். சுவரில் அதுதான் சொரசொரப்பின் எமன். மிருதுவான பிரஷ்ஷின் ஓரத்திலும் இதே கலப்புதான் நடக்கிறது. ஒட்டைச் சுற்றி வழவழப்பான வளையம் ஒன்று தெரிவது அதனால்தான்.

எனவே சுவரில் ஒப்பாசிட்டி எப்போதும் 100, பிரஷ்ஷின் கடினம் 80 விழுக்காட்டை ஒட்டி. ஹீலிங் பிரஷ்ஷில் `Replace` என்ற முறை இருக்கிறது, மிருதுவான பிரஷ்ஷிலும் ஓரத்துப் பருக்கையைக் காப்பதற்கென்றே உள்ளது. நிறத்தை மிருதுவாகக் கலக்கலாம், சொரசொரப்பை வெட்டித்தான் ஒட்ட வேண்டும்.

முடிந்தபின் சோதிக்கக் கண் போதாது, திருத்தியவரின் கண் பழகிப்போயிருக்கும். எல்லா அடுக்கையும் சேர்த்து ஒரு நகலெடுத்து, `High Pass` வடிகட்டியை 4 பிக்ஸலில் போட்டால் நிறமெல்லாம் போய் வெறும் பருக்கை மிஞ்சும். சொரசொரப்பு இழந்த இடங்கள் அதில் மொட்டையாகத் தெரியும். அதே நகலில் நல்ல சுவரில் 100 × 100 பிக்ஸல் சதுரம் ஒன்றைத் தேர்வுசெய்து, `Histogram` பலகத்தில் `Std Dev` என்ற எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு திருத்திய இடத்தில் அதே சதுரம். இரண்டும் நெருங்கி வந்தால் வேலை சரி. திருத்திய இடத்தின் எண் முக்கால்வாசியாகவோ அதற்கும் கீழாகவோ இருந்தால் அங்கே கலப்பு நடந்திருக்கிறது, மறுபடி செய்ய வேண்டியதுதான். ஓதத்தில் எண் கூடிப்போனால் அதுவும் பிழை: அளவுக்கு மீறிப் பெருக்கியிருக்கிறோம், அல்லது கேமராவின் இரைச்சல் பருக்கை வேஷம் போடுகிறது.

பெரிய திட்டுகளுக்கு வேறு சோதனை. படத்தின் காட்சியை மட்டும் கால்வாசிக்குச் சுருக்கி, மேலே ஒரு `Curves` அடுக்கில் கோட்டை ஏற்ற இறக்கமான அலையாக வளைத்தால், மெல்லிய நிற வித்தியாசங்கள் பூதாகாரமாகத் தெரியும். ஒரே துண்டு இருமுறை வந்திருந்தாலும் இதில் அகப்படும். பார்த்தபின் அந்த அடுக்கை நீக்கிவிட வேண்டும்.

வரிசையும் எல்லையும்

வேலையின் வரிசை முக்கியம்: உப்பு, ஓதம், உரிசல், விரிசல், சோதனை. ஓதத்தை முன்னால் முடித்தால் சுவரின் கீழ்ப்பகுதி முழுக்க நல்ல சுவராகத் திரும்பி வருகிறது, பின்னால் துண்டு எடுக்க இடம் பெருகுகிறது. விரிசலில் தொடங்குபவருக்கு அந்த வசதி இல்லை. ஓதத்தின்மேல் பாசி கறுத்துப் படர்ந்திருந்தாலும், உப்பு அரித்துப் பூச்சே பொரிந்திருந்தாலும், அங்கே பெருக்கல் பலிக்காது. சொரசொரப்பு அழிந்துவிட்டதால் அதை உரிசல் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். சுவரில் நல்ல பகுதி நாலில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை என்றால் திருத்துவதைவிட, அதே வெயிலில் பக்கத்துச் சுவரை எடுத்துவைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

எந்தப் படத்தைத் திருத்தலாம் என்பதற்கும் எல்லை உண்டு. நாட்காட்டிப் படம், சினிமாவுக்கோ விளையாட்டுக்கோ தேவைப்படும் சுவர்ப் பரப்பு, கட்டடக் கலைஞரின் வடிவமைப்பைக் காட்டும் படம் ஆகியவற்றில் தடையில்லை. பழைய கட்டடத்தின் நிலையைப் பதிவுசெய்யும் படத்தில் விரிசலும் ஓதமும்தான் செய்தி. எந்த மூலையிலிருந்து கிளம்பி எவ்வளவு சாய்வாகப் போகிறது என்பதை வைத்துத்தான் பொறியாளர் காரணத்தைத் தேடுவார், அதில் ஒரு பிக்ஸலையும் தொடக்கூடாது. விற்பனைக்கோ வாடகைக்கோ வைக்கும் வீட்டின் ஓதத்தைப் படத்தில் மறைப்பது வாங்குபவரை ஏமாற்றுவது. புதுக் கட்டுமானங்களைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் உள்ள பொய்யை நம்பிப் பணம் கட்டி நட்டப்பட்டவருக்குக் கட்டுநர் இழப்பீடு தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது.

முறைகளைச் சீர்தூக்கிப் பார்த்தால் தீர்ப்பு இது: ஓதத்துக்குப் பெருக்கல், விரிசலுக்கு ஹீலிங், உரிசலுக்கு வெட்டி ஒட்டுதல். அளவுவாரியாகப் பிரிக்கும் முறை மிச்சம்மீதி நிறத் திட்டுகளுக்கு உதவலாம், முதல் மருந்தாக அல்ல. திருத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: திருத்தாத மூலக் கோப்பை அழிக்காதீர்கள். திருத்திய படத்தை யாரிடம் கொடுத்தாலும், எதை நீக்கினீர்கள் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.